கட்டட நிதி நினைவூட்டல்: யாரும் தலைகுனியாமல் வாசிக்கக்கூடிய ஓர் அறிவித்தலை எழுதுவது எப்படி

"கட்டட நிதிக்கு வாக்களித்த தொகையை இதுவரை செலுத்தாதவர்கள், இம்மாத இறுதிக்குள் நிலுவையைச் செலுத்தித் தீர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எங்கள் சபைச் செய்திமடலில் ஒரு டிசம்பர் மாதம் நான் எழுதிய வரி இது. அப்போது அதில் எந்தப் பிழையும் எனக்குத் தெரியவில்லை. யாருடைய பெயரும் இல்லை, கடுமையான சொல்லும் இல்லை, "அன்புடன்" என்று கூடப் போட்டிருந்தேன். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் கரையோரத்துக் குடும்பம் ஒன்று ஆராதனைக்கு வரவில்லை. நான்காம் வாரம் அந்த வீட்டு அம்மா பொருளாளரின் கையில் பத்தாயிரம் ரூபாவை வைத்துவிட்டுப் பேசாமல் போனார். தோட்டை அடகு வைத்து எடுத்த காசு என்று பிறகுதான் தெரியவந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "என்ட பேரப் போடல்லதான் மகன். ஆனா ஊருக்கு விளங்கும்தானே."

அவர் சொன்னது சரி. வாடைக் காற்று அடிக்கும் மாதத்தில், தோணி கரையில் ஏற்றியிருக்கும்போது, மீன்பிடிக் குடும்பத்தின் கையில் காசு இருக்காது என்று மட்டக்களப்புக் கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். "செலுத்தாதவர்கள்" என்று நான் எழுதியதும், வாங்கில் இருந்த எல்லோரும் மனதுக்குள் ஒரே பட்டியலைத்தான் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு இந்த அறிவித்தலை எழுதும் முறையை முழுக்க மாற்றினோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எங்கள் சபை 64 குடும்பங்கள் கொண்ட சிறிய சபை. பெரிய சபைகளுக்கு ஒன்றிரண்டு இடங்களில் வேறுபடலாம்.

எழுத முன் கணக்கைப் பாருங்கள்

சொல்லைத் திருத்துவதற்கு முன் கணக்கைத் திருத்த வேண்டும். கட்டிவிட்ட ஒருவருக்கு "நீங்கள் கட்டவில்லை" என்று தெரிவிப்பதைப் போல மனதை நோகவைப்பது வேறொன்றில்லை. வாக்களித்தபோது நிரப்பிய அட்டைகள், பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிக் கூற்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது. பிழை விட்டவரே அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

எங்கள் கணக்கில் மொத்தம் 38 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வாக்களிக்கப்பட்டிருந்தது. வந்தது 26 இலட்சத்து 15 ஆயிரம். அப்படியானால் 12 இலட்சத்து 25 ஆயிரம் வரவேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தபோது கதை மாறியது. 1 இலட்சத்து 40 ஆயிரம் ஏற்கெனவே வந்திருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து தன் பெயரில் வங்கியில் போட்ட காசு அப்பாவின் கணக்கில் ஏறவில்லை. ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இரண்டு பேரில் ஒருவரின் காசு மற்றவரின் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒருவர் காசாகத் தராமல் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மணல் இறக்கியிருந்தார், அதற்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதவில்லை. இன்னும் 1 இலட்சத்து 85 ஆயிரம், காலமானவர்களும் ஊரை விட்டே போனவர்களும் வாக்களித்த தொகை. அதைக் கேட்கவே கூடாது என்று முடிவெடுத்து, நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு நீக்கினோம். உண்மையில் மிஞ்சியது 9 இலட்சம்.

காலமானவர்களின் விடயத்தில் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தாமாக முன்வந்து "அப்பா சொன்னதை நாங்கள் முடிக்கிறோம்" என்றால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

எந்த மாதம், எந்த இதழ்

எங்கள் பகுதியில் காசு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. வயலுள்ளவர்களுக்குப் பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் விற்றபின், பெப்ரவரி, மார்ச்சில் கை கொஞ்சம் தெளியும். மீன்பிடிப்பவர்களுக்கு மாரி முடிந்து கடல் அடங்க வேண்டும். சம்பளக்காரருக்கு மாதத்தின் கடைசி வாரம். இந்த மூன்றும் ஓரளவு சேர்ந்து வருவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை அறவே போடாதீர்கள். மழை, வெள்ளம், நத்தார்ச் செலவு, புது வகுப்புச் செலவு எல்லாம் அப்போதுதான் வந்து குவியும்.

மார்ச்சில் காசு இருக்கிறதே, அப்போதே போடலாமே என்று தோன்றலாம். அது லெந்து காலம். ஒரு பக்கத்தில் மனந்திரும்புதலைப் பற்றிய செய்தியும் மறுபக்கத்தில் கட்டட நிதி அறிவித்தலும் இருந்தால், காசு கட்டாதது பாவம் என்று வாசிப்பவருக்குத் தானாகவே தோன்றிவிடும். நீங்கள் அப்படி நினைத்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் பக்கம் அப்படிப் பேசும். உயிர்த்த ஞாயிறு இதழிலும் வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் அந்த வாரம் இழந்தவர்களை நினைத்து அழுகிற வாரம். அந்தத் தாளில் காசுப் பேச்சு இருக்கக் கூடாது. நாங்கள் உயிர்த்த ஞாயிறுக்குப் பின் வரும் இரண்டாம் ஞாயிறைத் தெரிந்தெடுத்தோம்.

மொழியில் எங்கே குத்துகிறது

தமிழில் இந்த அறிவித்தல் பெரும்பாலும் பிழைப்பது ஒரே இடத்தில்தான். "செலுத்தாதவர்கள்", "தவறியவர்கள்", "முடிக்காதோர்" என்று "-வர்கள்" போட்டு ஆட்களை ஒரு கூட்டமாக்கிவிடுகிறோம். அந்தச் சொல் வந்த உடனேயே சபை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே என் முதல் விதி: அறிவித்தலில் ஆளைப் பற்றிய வினையாலணையும் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எழுவாய் "நாம்" அல்லது "வேலை". "நாம் கூரை போட இருக்கிறோம்." "வேலைக்கு இன்னும் இவ்வளவு தேவைப்படுகிறது."

"நிலுவை", "பாக்கி", "தீர்க்க" மூன்றும் கடைக் கொப்பியின் சொற்கள். கடன்காரனிடம் பேசும் மொழி அது. மனமுவந்து சொன்ன தொகை கடன் அல்ல. எழுதுபவர் இதை உண்மையாகவே நம்பினால்தான் மற்றச் சொற்களும் சரியாக வரும்.

"கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதும் வேண்டாம். கேட்பவர் யார் என்று மறைக்கும் கந்தோர்ப் பாணி அது, பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம் போல இருக்கும். "தயவுசெய்து" ஒரு முறை வரலாம். மூன்று முறை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலக் கேட்கும். "சிறு தொகையேனும்" என்பது கனிவாகத் தெரிந்தாலும், சிறிதாகக் கொடுப்பவரைச் சிறியவராக்கிவிடுகிறது. "உங்களில் சிலர்" என்று எழுதினால் வாசிப்பவர் பக்கத்து வாங்கைத் திரும்பிப் பார்ப்பார்.

வேத வசனத்தில் இன்னும் கவனம் வேண்டும். பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே என்று சொல்லும் பிரசங்கி 5:4 பலருக்கு முதலில் ஞாபகம் வரும். மல்கியா மூன்றாம் அதிகாரமும் வரும். இரண்டையும் இந்த இடத்தில் போடாதீர்கள். வசனத்தின் அதிகாரத்தை எடுத்துக் கஷ்டப்படுகிற ஒருவரின் தலையில் வைப்பதாக முடியும். அனனியா, சப்பீராள் கதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழை விதவையின் இரண்டு காசும் இங்கே பொருந்தாது. "அவளே கொடுத்தாள், உனக்கென்ன" என்று அது மாறிவிடும். வசனம் வேண்டுமென்றால் 2 கொரிந்தியர் 8:12 போதும். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் அதில் எழுதுகிறார். வசனமே இல்லாமல் விட்டாலும் குறையில்லை.

அடுத்தது எண்கள். "64 குடும்பங்களில் 51 குடும்பங்கள் முடித்துவிட்டன" என்று எழுதினால் அது நல்ல செய்தி போலத்தான் தெரியும். ஆனால் சின்ன ஊரில் மிச்சம் 13 யார் என்று எண்ணுவதற்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும். குடும்பங்களின் எண்ணிக்கையை எந்த வடிவிலும் அச்சிடாதீர்கள். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. மின்விசிறியிலும் வாங்கிலும் உபயகாரர் பெயர் எழுதிப் பழகியவர்கள் நாங்கள், அதனால் நன்றிப் பட்டியல் போடாமல் இருப்பது சிலருக்குக் குறையாகப் படும். எங்கள் சபையிலும் அதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. கொடுத்தவர்களின் பட்டியல் வெளிவந்தால், அதில் இல்லாத பெயர்களின் பட்டியலும் கூடவே வெளிவந்துவிடுகிறது. அதைச் சொன்னபோது பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள். நன்றி சொல்வதைத் தனிக் கடிதத்தில் வைத்துக்கொண்டோம்.

தேவைத் தொகையை அச்சிடலாம், ஆனால் எந்தத் தொகை என்பது முக்கியம். கூரைக்கு மதிப்பீடு பன்னிரண்டரை இலட்சம். கையில் 3 இலட்சம் இருந்தது. இன்னும் வேண்டியது ஒன்பதரை இலட்சம். இதைத்தான் அச்சிட்டோம். வாக்களித்ததில் வரவேண்டிய 9 இலட்சத்தை எங்கும் எழுதவில்லை. முதல் எண் வேலையின் தேவை, எல்லோரும் அதில் பங்கெடுக்கலாம். இரண்டாவது எண் சிலருடைய தலையில் மட்டும் போய் விழும்.

நாங்கள் அச்சிட்டது

நான்காம் பக்கத்தில், பெண்கள் ஐக்கிய அறிவித்தலுக்கும் ஓய்வுநாள் பாடசாலைச் செய்திக்கும் நடுவில், மற்ற அறிவித்தல்களின் அதே எழுத்தளவில் இது வந்தது. கட்டம் போடவில்லை, தடித்த எழுத்தும் இல்லை.

> கூரை வேலை
>
> நமது புதிய ஆலயத்தின் சுவர்கள் பீம் மட்டத்துக்கு வந்துவிட்டன. இதுவரை உங்கள் கைகளிலிருந்து 27 இலட்சத்து 55 ஆயிரம் ரூபா வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்தது கூரை. மாரி தொடங்கும் முன், ஒக்டோபருக்குள் மூடிவிட விரும்புகிறோம். அதற்கு இன்னும் ஒன்பதரை இலட்சம் ரூபா தேவைப்படுகிறது.
>
> இரண்டு வருடங்களுக்கு முன் நாம் ஒவ்வொருவரும் இந்த வேலைக்கென்று ஒரு தொகையை மனதில் நியமித்தோம். அதன்பின் பல வீடுகளில் நிலைமை மாறியிருக்கிறது. ஆகவே இந்த இதழோடு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு உறை வருகிறது. உங்கள் கணக்கு அதில் இருக்கிறது. நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள். தொகையையோ காலத்தையோ மாற்ற விரும்பினால் உள்ளே இருக்கும் அட்டையில் அடையாளமிட்டுத் தந்தால் போதும். காரணம் எழுதத் தேவையில்லை.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "நிலைமை மாறியிருக்கிறது" என்பதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டோம். இதனால் வாசிப்பவர் தன் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லாமல் போகிறது. 2022இல் விலைகள் ஏறியது எல்லோருக்கும் தெரியும், அதை வரி வரியாக விவரிக்க வேண்டியதில்லை. அடுத்து, "பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்பதில் தவறு எங்கள் பக்கம் இருக்கக்கூடும் என்று முதலில் ஏற்றுக்கொள்கிறோம். மணல் இறக்கியவரின் கணக்கைப் பார்த்தபின் அது வெறும் மரியாதைப் பேச்சாக இருக்கவில்லை.

உறை எல்லோருக்கும் போகவேண்டும்

இந்த முறையில் மிக முக்கியமான படி இதுதான், தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டி முடித்தவர்களுக்கும், வாக்களிக்கவே இல்லாதவர்களுக்கும் அதே வெள்ளை உறை, அதே நாள், செய்திமடலுக்குள் வைத்துக் கொடுக்கப்பட வேண்டும். சிலருக்கு மட்டும் கொடுத்தால், உறையைக் கையில் வைத்திருப்பதே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய உறையாக இருக்கட்டும். செய்திமடலை வழக்கமாகப் பங்கிடுவது வாலிபர் சங்கப் பிள்ளைகள்தான், ஆனால் உறைகளை வைக்கும் வேலையைப் பொருளாளர் சனிக்கிழமை மாலையே செய்து முடிக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் கடிதம் ஐந்தாறு வரிகளுக்கு மேல் வேண்டாம். வாக்களித்தது, வந்தது, வந்த திகதிகள், நன்றி. மிச்சத் தொகையைத் தனி வரியாகக் கழித்துக் காட்டாதீர்கள். கழிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. யாருடைய பெயருக்கு எழுதுவது என்பதையும் யோசியுங்கள். கணவர் எழுந்து நின்று வாக்களித்த தொகை மனைவிக்குத் தெரியாமலிருந்த வீடுகள் உண்டு. எங்களுக்கு அது ஒரு வீட்டில் நடந்தது. அன்றிலிருந்து, வாக்களிப்பு அட்டையில் கையெழுத்திட்டவரின் பெயரை மட்டுமே உறையில் எழுதுகிறோம்.

அட்டையில் நான்கு வரிகள் வைத்தோம்:

> நான் வாக்களித்தபடி தொடர்கிறேன்.
> …… மாதத்திலிருந்து தொடர்கிறேன்.
> தொகையை …… ரூபாவாக மாற்றிக்கொள்கிறேன்.
> எனது பங்கை இத்துடன் நிறைவுசெய்கிறேன்.

நான்காவது வரியை எழுதத்தான் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது. முதலில் "தொடர்ந்து தர இயலவில்லை" என்று எழுதியிருந்தோம். அதில் அடையாளமிடும்போது ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் பொருளாளர் அக்கா கேட்டார். "இத்துடன் நிறைவுசெய்கிறேன்" என்பதை முழுத்தொகையும் கட்டியவரும் குறிக்கலாம், இனி முடியாதவரும் குறிக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே வரி. அட்டை தவறிப்போய் யாருடைய கண்ணில் பட்டாலும் ஒன்றும் தெரியாது.

அட்டைகளைப் பார்ப்பது பொருளாளரும் இன்னொரு நிர்வாகியும் மட்டும். போதகர் ஐயா பார்க்காமலிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நோயென்றும் இழவென்றும் அவர்தான் வீடுகளுக்குப் போகிறார். யார் எவ்வளவு தந்தார் என்று அவருக்குத் தெரியும் என்ற எண்ணமே சில வீட்டுக் கதவுகளைச் சாத்திவிடும். எங்கள் போதகர் இதைக் கேட்டதும் உடனே சம்மதித்தார், அவருக்கும் அது பாரம் குறைந்த மாதிரித்தான் இருந்தது.

ஆராதனையில் வாசிக்கும்போது

அச்சில் சரியாக வந்தது வாயில் கெடலாம். வாசிப்பவர் தாளில் இருப்பதை மட்டும் வாசிக்கட்டும். "இது யாருக்கு என்று அவரவருக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டு ஒரு வரி சேர்த்தால் அத்தனை வேலையும் வீண். முதல் பந்தியை மட்டும் வாசித்து, "மற்ற விபரம் உறையில் இருக்கிறது" என்று முடித்துக்கொள்வது மேலானது. காணிக்கை எடுக்கும் நேரத்துக்கு முன்பாக இதை வாசிக்க வேண்டாம், பை சுற்றி வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். சபையின் வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். யார் பதில் போட்டார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் இடம் அது.

சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

அடுத்த மூன்று ஞாயிறுகளில் காசை எண்ணுவதற்கு முன் ஆட்களைக் கவனியுங்கள். வழக்கமாக முன் வாங்கில் இருப்பவர் கடைசி வாங்குக்குப் போனாரா, ஆராதனை முடியுமுன் எழுந்து போனாரா, "அது என்னைத்தான் போட்டதா?" என்று யாராவது கேட்டார்களா. ஒருவர் திடீரென்று முழுத்தொகையையும் கொண்டுவந்து கோபமாக நீட்டினால் அதை வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். மெதுவாக, "அவசரமில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம்" என்று சொல்லி, வீட்டில் ஏதும் அடகுக்குப் போயிருக்கிறதா என்று நெருங்கிய ஒருவர் மூலம் விசாரியுங்கள். அப்படிப் போயிருந்தால் காசைத் திருப்பிக் கொடுக்கவும் சபை தயாராக இருக்க வேண்டும்.

சரியாகப் போனால், ஆட்கள் கூரையைப் பற்றிக் கேட்பார்கள். என்ன தகடு, எத்தனை அடி, யார் மேசன் என்பார்கள். அட்டைகள் திரும்பி வரும். எங்களுக்கு முதல் மாதத்தில் வந்த அட்டைகளில் கூடுதலானவை காலத்தை மாற்றியவை, சிறுபோகம் வெட்டியபின் தருகிறோம் என்று. இரண்டு பேர் தொகையைக் கூட்டியும் இருந்தார்கள், அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. கணக்கு பிழை என்று சொன்னவர் ஒருவர். பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

இந்த முறை எல்லாவற்றையும் சரிசெய்யாது. வரைபடத்தை மாற்றியதையோ, கட்டட நிதியிலிருந்து வேறு செலவுக்கு எடுத்ததையோ சபைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், காசு வராததற்குக் காரணம் கஷ்டம் அல்ல, மனக்குறை. அப்போது எவ்வளவு மென்மையாக எழுதினாலும் மூடிமறைப்பதாகத்தான் கேட்கும். முதலில் வரவுசெலவுக் கணக்கை முழுதாக வெளியிட்டு, கூட்டம் வைத்துப் பேசுங்கள். அறிவித்தல் பிறகு.

அட்டை திரும்பி வராத வீடுகளுக்கு இரண்டாவது உறை, செப்டம்பரில், மறுபடியும் எல்லோருக்குமான உறைகளோடு. அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே "நிறைவு" என்று எழுதிக் கோடு போட்டுவிடுங்கள்.

யாராவது நேரில் வந்து "எனக்கு இனிக் கட்ட ஏலாது" என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். "சரி அம்மா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லி, அவர் பார்க்க எழுதிவிட்டு, புத்தகத்தை மூடுங்கள். அப்புறம் பிள்ளைகளின் சுகத்தை விசாரியுங்கள், கடலுக்குப் போகிறார்களா என்று கேளுங்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.